கஷ்டப்பட்டு முடித்த ப்ராஜெக்ட், வாடிக்கையாளருக்குக் கடைசியாக ஒரு செய்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளம், செயலி, டிசைன் என்று தனியாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ வேலை எடுத்துச் செய்பவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இழுபறியாகப் போன வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது, இந்த வாடிக்கையாளரோடு இனி வேண்டாம் என்று மனதில் தீர்மானம் ஆகிவிட்டது, அதை எப்படிச் சொல்வது என்பதுதான் எல்லோருக்கும் சிக்கல். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

வேலைதான் முடிஞ்சிருச்சே, தனியா ஒரு மெசேஜ் எதுக்கு? அப்படியே விட்டுட்டா என்ன?

விட்டால் அவர் கணக்கில் வேலை முடிந்திருக்காது. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் "தம்பி, சைட்ல ஆஃபர் பேனர் மட்டும் மாத்திக் குடுங்க" என்று வாட்ஸ்அப் வரும். நீங்கள் பதில் போடாவிட்டால், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிய ஆள் என்ற பெயர் வரும். போட்டால் அந்த வேலை மறுபடி தொடங்கிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எந்தத் தேதியோடு முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

அதனால் இந்தச் செய்தியின் முதல் வேலை தேதி போடுவது. மரியாதை, நன்றி எல்லாம் அதற்கு அப்புறம்தான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உருக்கமாக நன்றி சொல்லிவிட்டு, முடிந்ததா இல்லையா என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எப்போ அனுப்பணும்? கடைசி பேமெண்ட் வர்றதுக்கு முன்னாடியா, வந்த பிறகா?

வந்த பிறகு, ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்த பிறகு. பணம் பாக்கி இருக்கும்போது விடை சொன்னால், பாக்கிக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது போல் தெரியும். ஒப்படைக்காமல் சொன்னால், பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டுவது போல் தெரியும். இரண்டும் முடிந்த அடுத்த ஓரிரு நாளில், வேலை நாளில், பகல் நேரத்தில் அனுப்புங்கள். இரவு பதினொரு மணிக்குப் போகும் செய்தியைக் கோபத்தில் எழுதியதாகத்தான் வாசிப்பார்கள், உள்ளே என்ன இருந்தாலும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 40,000 ரூபாய்க்கு பில் போட்டீர்கள், 36,000 வந்திருக்கிறது என்றால் உடனே "நாலாயிரம் குறைகிறது" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது வரிக்காகப் பிடித்த பத்து சதவீத டி.டி.எஸ். ஆக இருக்கலாம். அந்தப் பிடித்தம் உங்கள் பான் எண்ணில் வரவாகத் தெரிய, அவர் அந்தக் காலாண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகும். அதன் சான்றிதழும் அவரிடமிருந்துதான் வர வேண்டும். ஆகவே கசப்பான வேலையாக இருந்தாலும் அவருடைய கணக்குப் பிள்ளையிடம் பேசும் வழியை அடைத்துவிடாதீர்கள்.

என்னென்ன எழுதணும்? எவ்வளவு நீளம்?

ஏழு முதல் ஒன்பது வரி. போன் திரையில் பெரிதாகத் தள்ளாமல் படித்து முடிக்கிற அளவு. என்ன வேலை, எந்தத் தேதியோடு முடிந்தது. பணம் வந்ததா. எவையெல்லாம் அவர் கைக்குப் போய்விட்டன. பிழை வந்தால் எதுவரை பார்ப்பீர்கள். அதற்கு மேல் நீங்கள் இல்லை என்பது. கடைசியில், உண்மையான ஒரு நன்றி.

இதில் எது இல்லை என்று பாருங்கள். நடந்த தகராறு இல்லை, யார் மேல் தப்பு என்பது இல்லை, உங்கள் மனநிலை இல்லை. அதெல்லாம் பேச வேண்டியிருந்தால் இதற்கு முன்பே, வேறு செய்தியிலோ போனிலோ பேசி முடித்திருக்க வேண்டும். விடை சொல்லும் செய்திக்குள் ஒரு பழைய கணக்கைத் திறந்தால் அவர் அதற்குப் பதில் சொல்வார், நீங்கள் மறுபதில் சொல்வீர்கள், பிறகு அது விடையாக இருக்காது.

ஒரு உதாரணம் காட்டுங்க. சும்மா சொன்னா புரியலை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்கு ஆன்லைன் விற்பனைத் தளம் செய்த தோழி ஒருவரின் செய்தியை, ஆள் அடையாளத்தை மாற்றித் தருகிறேன். எட்டு வாரத்தில் முடிப்பதாகப் பேசிய வேலை ஏழு மாதம் இழுத்தது. பாதியில் கடைக்காரரின் மகன் பொறுப்புக்கு வந்தார், முகப்புப் பக்கம் முழுவதும் மாறியது, கடைசித் தவணை பலமுறை நினைவூட்டிய பிறகு வந்தது. தோழி முதலில் எழுதி வைத்திருந்தது இது:

"வணக்கம் சார். ஏழு மாதமாக இரவு பகல் பார்க்காமல் உங்கள் வேலையைச் செய்தோம். அடிக்கடி மாற்றங்கள் வந்ததால்தான் தாமதம் ஆனது என்பது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் எங்கள் பக்கம் ஏதாவது தவறு இருந்தால் மன்னிக்கவும். சில தனிப்பட்ட காரணங்களால் இனி எங்களால் தொடர முடியாத சூழ்நிலை. எந்த உதவி என்றாலும் தயங்காமல் கூப்பிடுங்கள். நன்றி."

படிக்கும்போது பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வரி பணிவாகப் பேசிக்கொண்டே கிள்ளுகிறது. மூன்றாவது வரி, "உங்களுக்கே தெரியும்" போட்ட கையோடு போலி மன்னிப்புக் கேட்கிறது. நான்காவது வரியில் சொல்லும் காரணம் பொய் என்பது அவருக்கும் தெரியும். ஐந்தாவது வரி நான்காவது வரியை ரத்து செய்கிறது. தேதி எங்கும் இல்லை, பணம் வந்ததா என்பதும் இல்லை. கடைசியில் போனது இது:

"வணக்கம் சார். கடையின் இணையதள வேலை ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கடைசித் தவணையும் வந்து சேர்ந்தது, நன்றி. டொமைன், ஹோஸ்டிங், பேமெண்ட் கேட்வே மூன்றும் இப்போது உங்கள் பெயரிலும் உங்கள் போன் நம்பரிலும் இருக்கின்றன. முழுப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் செய்த பகுதியில் பிழை தெரிந்தால் ஜூலை 14 வரை சரிசெய்து தருவோம். அதற்குப் பிறகு பராமரிப்பையோ புது வேலையையோ நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து வருபவருக்குத் தேவையான குறிப்புகள் அந்தப் பட்டியலிலேயே உள்ளன. புடவைப் படங்களைக் கடையிலேயே எடுத்து, நிறம் வாரியாகப் பெயர் போட்டுக் கொடுத்தது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. தீபாவளி விற்பனை நல்லபடியாக அமைய வாழ்த்துகள்."

அந்தப் படங்கள் பற்றிய வரியைத் தேடிப் பிடிக்கத்தான் நேரம் எடுத்தது. ஏழு மாதத்தில் அந்தக் கடையில் நன்றாக நடந்த ஒரே காரியம் அதுதான் என்றார். ஒன்று இருந்ததே, போதும்.

வாட்ஸ்அப்லயே எல்லாம் பேசினோம். அதுலயே அனுப்பவா, மெயில் போடணுமா?

எந்த வழியில் பேசிப் பழகினீர்களோ அதில் அனுப்புங்கள். அதே வார்த்தைகளை மெயிலிலும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் போனால்தான் அவர் படிப்பார். மெயிலில் இருந்தால்தான் அடுத்த வருடம் தேடினால் கிடைக்கும். போன் மாறும், சேட் அழியும், மறைந்துபோகும் செய்தி என்ற வசதியை யாராவது ஆன் செய்து வைத்திருப்பார்கள்.

ப்ராஜெக்டுக்கென்று குரூப் இருந்தால், செய்தி போட்ட உடனே குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள். நீங்கள் வெளியேறியதாகக் குரூப் அட்மினுக்குப் போகும் அந்த ஒரு வரி, நீங்கள் யோசித்து எழுதிய அத்தனை வரியையும் தின்றுவிடும். பிழை பார்த்துத் தருவதாகச் சொன்ன நாள் முடிந்ததும் சத்தமில்லாமல் வெளியே வாருங்கள்.

குரல் செய்தி வேண்டாம். குரலில் களைப்பு தெரிந்துவிடும், தேதியைத் தேடி எடுக்கவும் முடியாது.

தமிழ்லயா இங்கிலீஷ்லயா? அண்ணான்னு கூப்பிடுற ஆளுக்கு எப்படி ஆரம்பிக்கிறது?

இதுவரை எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே. ஏழு மாதம் "அண்ணா" என்று பேசிவிட்டுக் கடைசியில் "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கினால் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டதோ என்று அவர் வயிறு கலங்கும். பேசியது தமிழ் என்றால் செய்தியும் தமிழ். திடீர் ஆங்கிலம் விலகலைக் காட்டும், அதுவும் யாரோ எழுதிக் கொடுத்தது மாதிரி இருக்கும்.

உறவுமுறை சொல்லிப் பழகிய இடத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. "அண்ணா" என்று தொடங்கினால் அடுத்த வரி தானாகவே இளகிவிடும், "உங்க தம்பி எப்பவும் இருப்பேன்ணா" என்று முடியும். அழைப்பு மட்டும் அப்படி இருக்கட்டும். தேதியும் எல்லையும் இருக்கும் வரிகள் கொஞ்சம்கூட வளையாமல் இருக்கட்டும்.

ஏன் தொடரலைன்னு காரணம் சொல்ல வேண்டாமா? கேட்டா என்ன சொல்றது?

செய்தியில் வேண்டாம். வேலை முடிந்துவிட்டது என்பதே போதுமான காரணம். காரணம் என்று எதை எழுதினாலும் அவர் அதைத் தீர்த்துவைக்கப் பார்ப்பார். "நேரம் இல்லை" என்றால் "மெதுவா பண்ணுங்க, அவசரமில்லை" என்பார். "கட்டணம் கட்டுப்படியாகவில்லை" என்றால் ரெண்டாயிரம் கூட்டித் தருவதாகச் சொல்வார். உண்மையான காரணம் அவர் வேலை வாங்கும் விதம் என்றால், அதை அவரால் தீர்க்கவும் முடியாது, உங்களால் சொல்லவும் முடியாது.

நேரில் கேட்டால் ஒரே வரி: "சார், இந்த மாதிரி தொடர்ந்து பார்க்க வேண்டிய வேலையை இனி நாங்க எடுக்கறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம்." அவரைப் பற்றி எதுவும் இல்லை, உங்கள் முடிவைப் பற்றித்தான். மறுபடி கேட்டால் அதே வரியை மறுபடி சொல்லுங்கள், வார்த்தையை மாற்றாமல். ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்பவர்தான் மாட்டிக்கொள்வார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊர் மாறுகிறேன் என்ற வகைக் கதைகள் வேண்டவே வேண்டாம். நம்ம ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

எங்க பக்கமும் கொஞ்சம் தப்பு இருக்கு. மன்னிப்பு கேட்டா நல்லா இருக்குமா?

குறிப்பாக ஒன்று இருந்தால், அதை மட்டும், ஒரே வரியில். "மார்ச்சில் தளம் இரண்டு நாள் நின்றுபோனதற்கு வருந்துகிறேன்" என்பது மன்னிப்பு. "ஏதாவது தவறு இருந்தால் மன்னிக்கவும்" என்பதில் தவறும் இல்லை, வருத்தமும் இல்லை. தோழியின் முதல் வரைவில் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னது அதனால்தான்.

அந்தத் தவறைப் பற்றி ஏற்கெனவே பேசி, சரிசெய்து, அவரும் விட்டுவிட்டார் என்றால் மறுபடி கிளறாதீர்கள். பணத் தகராறு இன்னும் நடந்துகொண்டிருந்தாலும் எழுத வேண்டாம். "நீங்களே ஒத்துக்கிட்டீங்களே" என்று பில்லில் கழிக்க அந்த வரியே போதும்.

நன்றி சொல்லவே மனசு வரலை. பொய்யா எழுதவும் பிடிக்கலை.

அப்படியானால் மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டாம், ஒரு செயலுக்குச் சொல்லுங்கள். நன்றாக நடந்த ஒன்று தேடினால் கிடைக்கும். பொருள் பட்டியலை நேரத்துக்குத் தந்திருக்கலாம், முன்பணம் பேசியபடி வந்திருக்கலாம், அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருவர் கேட்ட விவரத்தை அன்றே அனுப்பியிருக்கலாம். புடவைப் படங்கள் அந்த வகை.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால் வாழ்த்து மட்டும் போதும். "கடைக்கு வாழ்த்துகள்" என்பதில் பொய் ஒன்றுமில்லை. "உங்களோடு பணிபுரிந்தது மறக்க முடியாத அனுபவம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதன் இரண்டாவது அர்த்தம் அவருக்கும் புரியும்.

"எப்ப வேணா கூப்பிடுங்க"ன்னு போடாட்டி திமிரா தெரியாதா?

தெரியாது, அதற்குப் பதிலாக வேறொன்று தந்தால். அந்த வாக்கியம் மரியாதைக்காக எழுதப்படுகிறது, ஆனால் வாங்குபவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார். கூப்பிடுவார். நீங்கள் எடுக்காவிட்டால் வாக்கு மாறியவர் நீங்கள்தான்.

அதற்குப் பதிலாகத்தான் தேதி போட்ட பிழைத் திருத்தக் காலம். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்தால் அதே நாள், இல்லாவிட்டால் 30 நாள் நியாயமானது. "நாங்கள் செய்த பகுதியில் பிழை" என்ற சொற்கள் முக்கியம். ஆர்டர் பொத்தானை அழுத்தினால் வேலை செய்யவில்லை என்றால் பிழை. பொத்தானைச் சிவப்பாக்க வேண்டும் என்றால் அது புது வேலை. அடுத்து வருபவர் கை வைத்த பிறகு உடைந்தது உங்கள் பிழை இல்லை. அதற்காகவே ஒப்படைத்த அன்று கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டின் நகலையும் தேதி போட்டு எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்து ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் போன் நம்பர், முகவரியெல்லாம் அந்த டேட்டாபேஸில் இருக்கும் என்பதால், பிழைக்காலம் முடிந்ததும் உங்களிடம் இருப்பதை அழித்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு எல்லாம் குடுத்துட்டேன். இன்னும் என்ன ஒப்படைக்கணும்?

பாஸ்வேர்டு கொடுத்ததும் ஒப்படைத்தாகிவிட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது என்று பாருங்கள். ஹோஸ்டிங் கணக்கில் உங்கள் நம்பர் இருந்தால், அவர் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் உங்களைக் கூப்பிடுவார். டொமைன் யார் பெயரில், எந்த மெயில் முகவரியில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அவசரத்தில் உங்கள் மெயிலில் எடுத்திருந்தால், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் உங்களுக்குத்தான் வரும், நீங்கள் பார்க்காமல் விட்டால் கடையின் தளம் ஒருநாள் காலையில் காணாமல் போகும். பழி உங்கள் மேல்.

இன்னொன்று, பணம் எடுக்கும் கார்டு. ஹோஸ்டிங், ஏதோ ஒரு பிளகின், எஸ்.எம்.எஸ். சேவை இவற்றில் ஒன்றாவது உங்கள் கார்டில் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு அவருடைய கார்டைப் போட வைத்த பிறகே விடை சொல்லுங்கள். எடுக்காமல் விட்டால் உங்கள் பணம் போகும், சொல்லாமல் எடுத்தால் அவர் தளம் நிற்கும்.

இவை எல்லாம் செய்தியில் வர வேண்டியதில்லை. தனியாக ஒரு பட்டியல் மெயில்: எந்தச் சேவை, எந்தக் கணக்கு, அடுத்த புதுப்பிப்பு எந்தத் தேதி, தோராயமாக எவ்வளவு ரூபாய். பாஸ்வேர்டுகளை இந்தப் பட்டியலில் எழுதாமல், அவரை உட்காரவைத்து அவரையே மாற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் பிறகு ஏதாவது ஆனால் "அந்தப் பையன்கிட்டயும் பாஸ்வேர்டு இருந்துச்சு" என்ற பேச்சு வராது. விடைச் செய்தியில் ஒரு வரியில் அந்தப் பட்டியலைச் சுட்டினால் போதும்.

பணம் இன்னும் பாக்கி. அவர் தரப்போறதில்லைன்னு தோணுது. விடை சொன்னா பாக்கியை விட்டுக்குடுத்த மாதிரி ஆயிடுமா?

எழுதும் சொல்லைப் பொறுத்தது. "எல்லாக் கணக்கும் தீர்ந்தது", "நமக்குள் இனி எதுவும் இல்லை" போன்ற வரிகளை எழுதாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 63-இன்படி, தனக்கு வர வேண்டியதை ஒருவர் முழுவதுமாகவோ பகுதியாகவோ தானாகவே விட்டுக்கொடுக்கலாம். நீங்கள் பெருந்தன்மையாக எழுதிய வரியை, விட்டுக்கொடுத்ததற்குச் சாட்சியாக அவர் காட்டுவார். ஒரு பகுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு "முழுத் தீர்வாக" என்று கையெழுத்துப் போடுவதும் அப்படித்தான். போட்டால், மனதார விட்டுவிட்டதாக இருக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்துவிடுங்கள். பாக்கிக்குத் தனி மெயில்: பில் எண், தேதி, தொகை, எந்தத் தேதிக்குள். அதற்கு அவர் "அடுத்த மாசம் தர்றேன்" என்று எழுத்தில் பதில் போட்டால் பத்திரமாக வையுங்கள். பாக்கியை வசூலிக்க வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடக் கெடு. அந்தக் கெடுவுக்குள் அவர் கையொப்பத்தோடு கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். விடைச் செய்தியில் பணத்தைப் பற்றி ஒரே வரி வரட்டும்: "பில் எண் 27-க்கான பாக்கி பற்றித் தனியாக எழுதியிருக்கிறேன்." அதில் சண்டையும் இல்லை, விட்டுக்கொடுப்பும் இல்லை.

நீங்கள் உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு அல்லது சிறு நிறுவனம் என்றால் 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் துணைக்கு இருக்கிறது. வேலையை ஏற்றுக்கொண்டவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. தள்ளினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில் மாதாமாதம் கூட்டுவட்டி. பாக்கிப் புகார்களை விசாரிக்கும் மாநில வசதிக் குழுவிடம் இணையம் வழியாகப் புகார் தரலாம். வேலை தொடங்கும் முன்பே பதிவு இருந்தால்தான் சிக்கல் இல்லாமல் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இது எதையும் விடைச் செய்தியில் எழுதாதீர்கள். புகார் தரும் எண்ணம் இருந்தால் விடைச் செய்தியையே நிறுத்தி வையுங்கள், அந்த நிலையில் பேச வேண்டியவர் வக்கீல். பெரிய தொகை என்றால் மேலே சொன்னதை நம்பி இறங்காமல் முதலிலேயே அவரைப் பாருங்கள்.

வேலை முடியலை, நடுவுலயே விலகுறேன். இதே மெசேஜ் சரியா வருமா?

வராது. நடுவில் விலகும்போது இரண்டு செய்தி வேண்டும், இடையில் சில வாரம் இருக்கும். முதலாவது அறிவிப்பு. ஒப்பந்தத்தில் விலகலுக்கு 15 நாள் அல்லது 30 நாள் என்று இருக்கும், அதன்படி: "பிப்ரவரி 28 வரை மட்டும் இந்த வேலையைத் தொடர்வேன். அதற்குள் பொருள் பக்கமும் பில்லிங் பக்கமும் முடியும். டெலிவரி இணைப்பு முடியாது. முடிந்த அளவுக்கான பில் இத்தனை ரூபாய்." எது முடியும், எது முடியாது என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். "முடிந்தவரை செய்து தருகிறேன்" என்றால் முடியவே முடியாது.

முன்பணம் வாங்கியிருந்து, செய்த வேலையைவிட அது அதிகம் என்றால், திருப்பித் தரும் தொகையையும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்டு நீங்கள் கொடுத்தால் அதற்கு மதிப்பில்லை. இரண்டாவது, மேலே பார்த்த அதே விடைச் செய்தி, சொன்ன கடைசி நாளுக்கு மறுநாள். இப்போது அதில் புதுத் தகவல் எதுவும் இருக்காது, அதனால் அவருக்கு அதிர்ச்சியும் இருக்காது.

ஏஜென்சி வழியா வந்த வேலை. கடைக்காரருக்கு நேரா அனுப்பலாமா?

ஏஜென்சிக்குத்தான் அனுப்ப வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் அவர்கள்தான். நேராக அனுப்பினால் ஆளைப் பிடிக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைப்பார்கள், பல ஒப்பந்தங்களில் அதற்குத் தடையும் இருக்கும். கடைக்காரரிடம் தினமும் பேசியிருந்தால், "இன்ன தேதியோடு நான் வரமாட்டேன், நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா" என்று ஏஜென்சியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அனுப்பிட்டேன். அவர் காரசாரமா திருப்பிப் போட்டுட்டார். பதில் போடவா?

அவர் எழுதியதில் தகவல் பிழை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "பாஸ்வேர்டே தரலை" என்றால் அது தகவல். "ஜூன் 14 அன்று உங்கள் கடையில் வைத்து மாற்றினோம், பட்டியல் அன்றைய மெயிலில் இருக்கிறது" என்று ஒரு வரி போடுங்கள், அதோடு சரி. "உங்களை நம்பினது என் தப்பு" என்றால் அது கோபம். கோபத்துக்குப் பதில் கிடையாது. நீல டிக் விழுந்தும் நீங்கள் எதுவும் எழுதாமல் இருப்பது அவமரியாதை ஆகாது, அவர் சொல்லி முடிக்க இடம் விட்டதாகத்தான் ஆகும்.

குரூப்பில் நாலு பேர் முன்னால் எழுதியிருந்தாலும் இதே கணக்குதான். தகவலை மட்டும் அங்கேயே திருத்துங்கள். உங்கள் ஆட்கள் யாரும் அங்கே உங்களுக்காக வக்காலத்து வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்க வேலை பார்த்த மேனேஜர் ரொம்ப நல்லவர். முதலாளிதான் படுத்தினார். அவருக்குத் தனியா எழுதலாமா?

எழுதுங்கள், அவருடைய சொந்த நம்பருக்கு, இரண்டு வரி. ஆனால் முதலாளி பார்த்தாலும் அவருக்குச் சங்கடம் வராதபடி எழுதுங்கள். "நீங்க மட்டும் இல்லன்னா இந்த வேலையே நடந்திருக்காது" என்பது முதலாளியைப் பற்றிய வரி. "ஸ்டாக் கணக்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் அனுப்பி வைத்தீர்கள், அதனால்தான் கடையில் இல்லாத புடவை ஒன்றும் தளத்தில் விற்பனைக்குப் போகவில்லை" என்பது அவரைப் பற்றிய வரி. நாளை அவர் வேறு கடைக்குப் போகும்போது அங்கே தளம் செய்ய யாரைக் கூப்பிடுவார் என்பதும் எனக்குத் தெரியும், ஆனால் அதற்காக எழுதாதீர்கள்.

விடை சொல்ற மெசேஜ்லயே கூகுள் ரிவ்யூ கேட்கலாமா? அந்த சைட்டை நம்ம போர்ட்ஃபோலியோல போடலாமா?

ரிவ்யூ கேட்காதீர்கள். இழுபறியான வேலைக்குப் பிறகு கேட்டால் ஒன்று எழுத மாட்டார், இல்லை எழுதிவிடுவார்.

போர்ட்ஃபோலியோ வேறு விஷயம். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு இல்லை என்றால் கேட்கலாம், ஆனால் விடைச் செய்தியில் வேண்டாம், ஒப்படைக்கும் பட்டியல் மெயிலில் கேளுங்கள். அங்கே அது மற்ற வரிகளில் ஒரு வரி, அவரும் "சரி" என்று போட்டுவிட்டுப் போவார். பதிலே வரவில்லை என்றால் கடையின் பெயர், படங்கள் இல்லாமல் "ஜவுளிக் கடைக்கான விற்பனைத் தளம்" என்று வேலையை மட்டும் விவரித்துப் போடுங்கள்.

ஆறு மாசம் கழிச்சு அவரே நல்ல விலைக்கு இன்னொரு வேலை குடுக்கறேன்னு வந்தார். மாட்டேன்னு ஏற்கெனவே எழுதிட்டேனே?

எழுதியது அந்த வேலையின் பராமரிப்பைப் பற்றியும் அன்றைய நிலையைப் பற்றியும்தான், ஆயுள் சபதம் இல்லை. மனமிருந்தால் எடுங்கள். ஆனால் பழைய பேச்சின் தொடர்ச்சியாக வேண்டாம், புது ஒப்பந்தம், புது முன்பணம், மாற்றங்களுக்குத் தனி விலை. போன முறை எங்கே இழுத்தது என்று உங்களுக்குத் தெரியும், அந்த இடத்துக்கு முதலில் விலை போடுங்கள். ஜவுளிக் கடை விஷயத்தில் அது முகப்புப் பக்கம். இரண்டு முறை மாற்றலாம், மூன்றாவதுக்கு இத்தனை ரூபாய் என்று தோழி எழுதிக் கொடுத்தார். மகன் படித்துப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாராம். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.